வால் எலும்பு வலி: மலைச்சரிவில் வழுக்கி விழுந்தவர்களுக்கு ஓர் இலவம்பஞ்சு வைத்தியம்

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் குரங்கணிக்கு மேலே போகும் எந்தத் தடமும் காலுக்கு நம்பிக்கையானதல்ல. கொட்டகுடி, முதுவாக்குடி, டாப் ஸ்டேஷன் பக்கம் ஏறுகிறவர்களுக்கும் சரி, போடியிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போகிறவர்களுக்கும் சரி, இது தெரிந்ததுதான். ஏலச்செடிக்கு அடியில் உதிர்ந்து அழுகிக் கிடக்கும் தட்டையும் இலையும் சோப்புப் போல வழுக்கும். காய் எடுப்பும் இந்த ஈரத்தில்தான் தொடங்குகிறது. சரிவில் இறங்கும்போது கால் முன்னால் ஓடிவிடும், உடம்பு பின்னால் சாயும், புட்டம் நேராகக் கல்லிலோ வேரிலோ போய் மோதும். கையோ காலோ முறிந்தால் எல்லோரும் ஓடி வருவார்கள். உட்கார்ந்தபடி விழுந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். விழுந்தவரும் சேர்ந்து சிரிப்பார். வலி அன்று மாலை ஜீப்பில் உட்காரும்போதுதான் ஆரம்பமாகும்.

முதுகெலும்பின் கடைசியில், புட்டத்தின் பிளவு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, விரலால் தொட்டுப் பார்க்கக்கூடிய சிறிய எலும்பு ஒன்று இருக்கிறது. அதுதான் வால் எலும்பு. மூன்று முதல் ஐந்து சிறு துண்டுகள், பெரும்பாலானவர்களுக்கு நான்கு, ஒன்றோடொன்று சேர்ந்து முன்பக்கமாக வளைந்திருக்கும். அந்த வளைவு குயிலின் அலகு போலிருப்பதாகக் கண்டு பழைய கிரேக்கர்கள் குயிலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான் மருத்துவர்கள் சீட்டில் எழுதும் காக்ஸிடைனியா என்ற சொல். பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுக்கத் தொடங்கிய எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் 1859-ல் இந்த வலிக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். பிரசவ மருத்துவர் ஒருவர் இதில் அக்கறை காட்டியதற்குக் காரணம் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த வலி ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம் வருகிறது. பெண்களின் இடுப்புக்கூடு அகலமானது. அதனால் வால் எலும்பு அடிபடும்படி வெளியே தெரிகிறது. பிரசவத்தின்போது குழந்தையின் தலை அதைப் பின்னுக்குத் தள்ளுவதும் சேர்ந்துகொள்கிறது. காய் எடுப்பிலும், போடியில் காய் தரம் பிரிக்கும் வேலையிலும் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பக்கத்தில் இது யாருடைய வலி என்பது புரியும்.

நேராக உட்காரும்போது உடம்பின் எடையைத் தாங்குவது வால் எலும்பு அல்ல. புட்டத்தின் இரு பக்கமும் கட்டியாகத் தட்டுப்படும் இரண்டு எலும்புகள்தான் தாங்குகின்றன. முதுகைக் கூனிப் பின்னால் சாயும்போது மட்டும் வால் எலும்பும் தரையைத் தொட்டு, மூன்றாவது காலாக மாறுகிறது. முக்காலியில் ஒரு கால் ஆடினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் நடக்கிறது. அடிபட்ட எலும்பின் மேல் எடை விழுகிறது, அதன் மூட்டு அசைகிறது, சுற்றியுள்ள தசையும் நாரும் ஒவ்வொரு தடவையும் புதிதாக நோகின்றன. உட்காராமல் இருக்க முடியாது என்பதால்தான் கைச்சுளுக்கைவிட இது ஆற அதிக நாள் எடுக்கிறது. மருந்தைவிட எடையை வேறு பக்கம் மாற்றிவிடுவதே இந்த வலிக்கு முக்கியமான வைத்தியம்.

விழாமலே இந்த வலி வருவதும் உண்டு. காய் தரம் பிரிக்கிறவர்கள் வெறும் சிமெண்ட் தரையில் சம்மணமிட்டு மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் முதுகு நேராக இருக்கும். அதன்பின் தன்னையறியாமல் கூன் விழும், எடை பின்னால் போகும். டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கும், ஜீப்பின் பின்பக்கப் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்து போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தினமும் இரண்டு தடவை கடக்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

வலி வால் எலும்பில்தானா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். உட்கார்ந்தால் வலிக்கும், நின்றாலும் நடந்தாலும் பெரும்பாலும் அடங்கும். நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டு எழும் அந்த நொடியில் சுரீரென்று குத்தும். ஒரு விரலை வைத்து "இங்கேதான்" என்று காட்ட முடியும். வலி காலுக்கு ஓடினால், இடுப்பில் அகலமாகப் பரவினால், நடக்கும்போது அதிகமானால் அது முதுகுத்தண்டின் மேல்பகுதிச் சமாச்சாரமாக இருக்கலாம். அதற்குக் கீழே சொல்லியிருப்பது பொருந்தாது.

காய் எடுப்புக்குப் போகிற நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர், எல்லோரும் விழுவதைப் போலவே, ஈரத் தட்டையில் கால் வைத்து வழுக்கிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நாட்கள் எப்படிப் போக வேண்டும் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

விழுந்த உடனே எழுப்பிவிடக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. கால்விரல்களை அசைக்க முடிகிறதா, தொடையில் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டபின் அவராகவே பக்கவாட்டில் புரண்டு, முட்டி போட்டு எழட்டும். வீடு வந்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது எண்ணெயைச் சூடாக்கித் தேய்ப்பது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அதைச் செய்ய வேண்டாம். உள்ளே ரத்தம் கசிந்து வீங்கும் நேரம் அது. சூடும் அழுத்தமும் வீக்கத்தை அதிகமாக்கும். அந்த நாட்களில் குளிர்ச்சிதான் வேண்டும். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி, கிடைக்காவிட்டால் மலைத்தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைத்து, குப்புறப் படுத்தபடி ஒரு தடவைக்கு 15 நிமிடம், நாளில் மூன்று நான்கு தடவை. ஐஸைத் தோலில் நேராக வைத்தால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். மூன்றாம் நாளுக்குப் பின் வெந்நீர் ஒத்தடமும், அகலப் பாத்திரத்தில் பொறுக்கும் சூட்டு வெந்நீர் ஊற்றி அதில் 10, 15 நிமிடம் உட்காருவதும் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும்.

வலிக்குப் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு, நாளில் நான்குக்கு மேல் போகாமல் போட்டுக்கொள்ளலாம். ஈரல் நோய் உள்ளவர்களும் தினமும் குடிப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைக்கூடப் போட வேண்டாம். கடையில் "உடம்பு வலிக்கு" என்று கேட்டால் பல நிற மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்களே, அது வேண்டவே வேண்டாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதிலுள்ள சில மருந்துகள் கெடுதல் செய்யும்.

ஊரில் எலும்பு பிடிப்பவரிடம் கூட்டிப்போய் "வாலை நிமிர்த்தச்" சொல்வதும் வழக்கமாக இருக்கிறது. வால் எலும்பு இயல்பிலேயே வளைந்ததுதான், சிலருக்குப் பிறவியிலேயே கோணலாகவும் இருக்கும். எக்ஸ்ரேயில் வளைவு தெரிந்தால் அது விழுந்ததால் வந்தது என்று முடிவுகட்ட முடியாது. உள்ளே விரல் விட்டு எலும்பை அசைக்கும் சிகிச்சை ஒன்று உண்மையில் உண்டு. ஆனால் அதைப் பயின்ற மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோதான் செய்ய வேண்டும். விரிசல் உள்ள எலும்பைத் தெரியாதவர் அழுத்தினால் பாதி ஆறியது மறுபடி பிரிந்துவிடும். முறிந்திருந்தாலும் மாவுக்கட்டு போட முடியாத இடம் இது. அதனால் எக்ஸ்ரேயில் விரிசல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தொடக்கத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எடையை அதன் மேலிருந்து எடுப்பது.

இதற்கு மெத்தை தேவை, ஆனால் பெரும்பாலோர் வாங்குவது தவறான மெத்தை. மூலத்துக்குக் கொடுக்கும் வட்டமான காற்று வளையத்தையோ, பழைய டியூபையோ போட்டு உட்காருகிறார்கள். வளையத்தின் ஓட்டை நடுவில் இருக்கிறது. வால் எலும்போ பின்னால் இருக்கிறது. உட்கார்ந்ததும் நடுப்பகுதி ஓட்டைக்குள் தொங்கும், வளையத்தின் பின்விளிம்பு சரியாக வால் எலும்பின் அடியிலேயே போய் முட்டும். சிலருக்கு இது ஒத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொள்ளாதவர்கள் தங்கள் வலிதான் மோசமானது என்று நினைத்துவிடுகிறார்கள், குற்றம் மெத்தையின் வடிவத்தில் இருக்கிறது.

வேண்டியது ஆப்பு வடிவ மெத்தை. பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்ந்தும் இருக்கும். அதனால் உடம்பு தானாகவே சற்று முன்னால் சாய்ந்து, எடை இரண்டு புட்ட எலும்புக்கும் தொடைக்கும் போகும். பின்விளிம்பின் நடுவில் குதிரை லாட வடிவில் ஒரு வெட்டு இருக்கும். வால் எலும்பு அந்த வெட்டின் மேலே, எதையும் தொடாமல் நிற்கும். மருந்துக் கடைகளிலும் இப்படி விற்கிறார்கள். ஆனால் மெத்தைத் தொழில் நடக்கும் போடியில் இதை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம்.

அளவு இது: அகலம் 16 அங்குலம், முன்னுக்குப் பின் 16 அங்குலம். பின்பக்கக் கனம் 3 அங்குலம், முன்பக்கம் ஒன்றரை அங்குலம். பின்விளிம்பின் நடுவிலிருந்து 4 அங்குல அகலத்தில் 5 அங்குல ஆழத்துக்கு வெட்டு. மெத்தைக் கடையில் கெட்டியான ஃபோமையோ ரப்பர் போட்ட தென்னை நாரையோ இந்த அளவில் அறுத்து, மேலே துணி உறை தைத்துக் கேட்கலாம். உட்கார்ந்தால் பாதிக்கு மேல் அமுங்கும் மிருதுவான ஃபோம் பயன்படாது. அமுங்கிவிட்டால் வெட்டு இருந்தும் இல்லாததுபோல ஆகி, எலும்பு தரையைத் தொட்டுவிடும்.

இலவம்பஞ்சில் செய்ய விரும்பினால் ஒரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். இலவம்பஞ்சு லேசானது, தண்ணீரை எளிதில் உறிஞ்சாது, மழைக்காலத்துக்கு நல்லது. ஆனால் ஒரே இடத்தில் எடை விழுந்தால் சில வாரங்களில் படிந்துவிடும். ஆகவே ஒரே மெத்தையாகத் தைத்தால் நடு வெட்டு நிற்காது. அதற்குப் பதிலாக இரண்டு குட்டித் திண்டுகள் செய்வது நல்லது. ஒவ்வொன்றும் 16 அங்குல நீளம், 6 அங்குல அகலம். மெத்தைக்குப் போடும் கெட்டித் துணியில், விரலால் அழுத்தினால் சிரமப்பட்டே உள்ளே போகும் அளவுக்குப் பஞ்சை இறுக்கித் திணித்துத் தைக்க வேண்டும். இரண்டையும் நடுவில் 4 அங்குல இடைவெளி விட்டு ஒரு தடித்த துணியின் மேல், முன்னுக்குப் பின்னாக, சேர்த்துத் தைத்துவிட வேண்டும். இரு புட்டமும் இரண்டு திண்டின் மேல் அமரும், வால் எலும்பு இடைவெளியில் நிற்கும். வாரத்துக்கு ஒருநாள் வெயிலில் போட்டுத் தட்டினால் பஞ்சு மறுபடி எழும்பும். எழும்பாமல் தட்டையாகிவிட்டால் ஒரு பக்கத் தையலைப் பிரித்துக் கூடுதல் பஞ்சு திணிக்க வேண்டும். அவசரத்துக்கு இரண்டு தடித்த துண்டுகளை இறுக்கிச் சுருட்டி இதே இடைவெளியில் போட்டுக்கொண்டாலும் முதல் வாரம் ஓடிவிடும்.

செய்தது சரியா என்பதற்கு ஒரு சோதனை. மெத்தையைப் பலகையில் வைத்து உட்கார்ந்து, வேறொருவரைப் பின்னாலிருந்து வெட்டுக்குள் விரலை நுழைக்கச் சொல்ல வேண்டும். வால் எலும்புக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும். போகாவிட்டால் மெத்தை மெல்லியது அல்லது மிருதுவானது. இரண்டாவது அடையாளம், 20 நிமிடம் உட்கார்ந்து எழும்போது வலி முன்பைவிடக் குறைந்திருக்க வேண்டும். முதல் நாளே மாயமாக மறைந்துவிடாது, ஆனால் கூடியிருந்தால் மெத்தையைத் திருத்த வேண்டும்.

மேலே சொன்ன பெண்ணுக்கு முதல் வாரம் இப்படித்தான் போகும்: துண்டுச் சுருள், குளிர் ஒத்தடம், ஒருக்களித்து முழங்காலுக்கு இடையில் தலையணை வைத்துத் தூக்கம். இரண்டாவது வாரம் வேலைக்குப் போக வேண்டிய நெருக்கடி இருக்கும், கூலி காத்திருக்காது. அவர் கேட்க வேண்டியது நின்று செய்யும் வேலை. காய் எடுக்கத்தான் வேண்டுமென்றால் தூரில் மணையோ சாக்கோ போட்டு உட்காராமல் குத்தவைத்து எடுக்கலாம். குத்தவைக்கும்போது புட்டம் எதையும் தொடுவதில்லை, வால் எலும்பின் மேல் எடையும் இல்லை. முழங்கால் ஒத்துழைத்தால் இதுவே அவருக்கு ஏற்ற நிலை. ஜீப்பில் திண்டைத் தவறாமல் போட்டுக்கொண்டு, இரண்டு பாதமும் தரையில் ஊன்றி, முன்னால் உள்ள கம்பியைப் பிடித்தபடி சற்று முன்சாய்ந்து உட்கார வேண்டும். மேடு பள்ளம் வரும்போது எடையைப் பாதத்திலும் கையிலும் வாங்கிப் புட்டத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் பாதி அடி குறையும். சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள கடைசி இடத்தில்தான் குலுக்கல் அதிகம். அந்த இடத்தை வலி இல்லாதவருக்கு விட்டுவிடலாம்.

எழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பின்னால் சாய்ந்தபடி அப்படியே உந்தி எழுந்தால் வால் எலும்பு ஒரு தடவை முழுமையாக அசையும், அப்போதுதான் அந்தச் சுரீர் வரும். முதலில் விளிம்புக்கு நகர்ந்து, மூக்கு முழங்காலுக்கு மேலே வரும்வரை முன்னால் குனிந்து, புட்டத் தசையை இறுக்கிக்கொண்டு, கையைத் தொடையில் ஊன்றி எழ வேண்டும். தரம் பிரிக்கும் இடத்தில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நான்கு அடி நடப்பது எந்த மாத்திரையையும்விட மேல். காய் கொட்டும் தட்டை இடுப்பு உயர மேசையில் வைத்து நின்றுகொண்டு பிரிக்க முதலாளி சம்மதித்தால் இன்னும் நல்லது.

பலர் சொல்லக் கூச்சப்படும் விஷயம் மலச்சிக்கல். வால் எலும்பில் ஒட்டியிருக்கும் தசைகள்தான் மலம் கழிக்கும்போது இறுகித் தளர்கின்றன. முக்கினால் வலி ஒரே நாளில் பின்னுக்குப் போய்விடும். வலிக்குப் பயந்து அடக்கினால் மறுநாள் இன்னும் இறுகும். மலைக்குப் போகும் பெண்கள் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது இதை இன்னும் கெடுக்கிறது. கீரை, கேழ்வரகுக் கூழ், கொய்யா, வாழைப்பழம், போதுமான தண்ணீர் என்று இந்த வாரங்களிலாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெறும் அடி என்றால் மூன்று நான்கு வாரத்தில் வலி பெருமளவு போய்விடும். விரிசல் என்றால் 8 முதல் 12 வாரம் ஆகும். நாளுக்கு நாள் அளந்தால் முன்னேற்றம் தெரியாது. "போன வாரம் எவ்வளவு நேரம் உட்கார முடிந்தது, இந்த வாரம் எவ்வளவு நேரம்" என்று வாரத்துக்கு வாரம் பார்க்க வேண்டும். முதல் வாரம் 10 நிமிடம், மூன்றாவது வாரம் அரை மணி, ஆறாவது வாரம் போடி வரை ஜீப் பயணம் என்று போனால் ஆறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வலி போய்விட்டது என்று திண்டை அன்றே தூக்கிப் போடாமல் இன்னும் இரண்டு வாரம் ஜீப்பில் மட்டுமாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாதம் ஆகியும் அளவு நகரவில்லை என்றால் போடி அரசு மருத்துவமனையிலோ, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவிலோ காட்ட வேண்டும். நின்றபடி ஒன்றும் உட்கார்ந்தபடி ஒன்றுமாகப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டால், உட்காரும்போது எலும்பு அளவுக்கு மீறி அசைகிறதா என்று தெரியும். அந்த இடத்தில் போடும் ஊசி பலருக்கு உதவுகிறது. எலும்பையே எடுத்துவிடும் அறுவை சிகிச்சை எதுவும் பலிக்காத மிகச் சிலருக்கு மட்டும்தான்.

சில அடையாளங்களுக்கு இரண்டு மாதம் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமல் போவது, தொடையின் உட்பக்கமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் பலம் இழப்பது ஆகியவை நரம்பு நசுங்கியதன் அடையாளம். அன்றே 108-ஐ அழைக்க வேண்டும். விழாமலே வந்து, இரவில் படுத்தாலும் விடாமல், காய்ச்சலோ எடை குறைவதோ சேர்ந்தால் அதையும் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்றைப் பலர் வால் எலும்பு வலி என்று நினைத்து ஏமாறுகிறார்கள். புட்டப் பிளவின் மேல்பகுதியில் சிவந்து, சூடாக, கட்டி போல் வீங்கி, சீழோ துர்நாற்ற நீரோ கசிந்தால் அது எலும்பல்ல, தோலுக்குள் முடி புதைந்து உண்டாகும் புண். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் சுமார் 80 ஆயிரம் பேர் இதற்காக மருத்துவமனையில் படுத்தார்கள். ஜீப் ஓட்டியவர்களிடம் அதிகம் கண்டதால் ராணுவ மருத்துவர்கள் இதற்கு ஜீப் நோய் என்றே பெயர் வைத்தார்கள். ஜீப்பிலேயே வாழ்க்கையை ஓட்டும் நம் மலை ஓட்டுநர்களும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இதற்குத் திண்டு போட்டுப் பயனில்லை, அறுவை சிகிச்சை மருத்துவர் கீறிச் சீழை எடுக்க வேண்டும்.

டூவீலர் ஓட்டலாமா என்ற கேள்வி இத்தகைய வலி உள்ளவர்களிடமிருந்து அடிக்கடி வருகிறது. முதல் மூன்று வாரம் வேண்டாம். அதன்பின் ஓட்டினாலும் பின்சீட்டில் உட்காருவதைவிட ஓட்டுபவர் இடமே மேல், கைப்பிடியும் ஃபுட்ரெஸ்டும் எடையைப் பகிர்ந்துகொள்ளும். குரங்கணிச் சாலையில் பள்ளம் வரும்போது காலை ஊன்றி எழுந்து நின்றுகொள்ளவும் முடியும்.